கேள்வி யாருடையது? மாரிகுப்பத்தை முன்வைத்து டிஜிட்டல் சமயம் குறித்த ஒரு பருவக் கட்டுரைக்கான வரைவு

இணையவழி வழிபாடு பற்றி முதுகலை மாணவர்கள் எழுதும் பருவக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்கி ஒரே விடையில் முடிகின்றன. திரையில் காணும் பூசை உண்மையான பூசை ஆகுமா என்பது கேள்வி. ஓரளவு ஆகும், ஓரளவு ஆகாது என்பது விடை. இடையில் பெருந்தொற்றுக் காலம் பற்றி இரண்டு பக்கம், கோயில்களின் யூடியூப் அலைவரிசைகள் பற்றி இரண்டு பக்கம், மேலைக் கோட்பாட்டாளர்கள் மூவரின் பெயர்கள். கட்டுரை முடிந்துவிடும். படித்தவருக்கு எந்த ஊரைப் பற்றியும், எந்த மனிதரைப் பற்றியும் புதிதாக ஒன்றும் தெரியவராது.

இந்தக் கேள்வியே பிழையான இடத்தில் நிற்கிறது என்பது என் கருத்து. ஒரு சடங்கு உண்மையானதா என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வாளரின் வேலையன்று. அந்தத் தீர்ப்பை யார் சொல்கிறார், யார் கேட்டதற்காகச் சொல்கிறார் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதற்கு ஒரு ஊரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் முன்மொழிவது கோலார் தங்கவயலின் மாரிகுப்பம். கீழே வருவது அதற்கான கட்டுரை வரைவு. கூடவே அதற்கான என் வாதமும். இவ்வாண்டு தலைப்புத் தேடும் மாணவர்கள் தாராளமாக எடுத்தாளலாம்.

1. ஏன் மாரிகுப்பம்?

பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளை இருப்புப்பாதையின் கடைசி நிலையம் மாரிகுப்பம். ஜான் டெய்லர் நிறுவனம் 1880களில் சுரங்கம் தோண்டத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள் இங்கே குடியேறினர். அவர்களுள் பெரும்பான்மையோர் சாதி அடுக்கின் அடியில் வைக்கப்பட்டிருந்தவர்கள். சுரங்க லைன் வீடுகளுக்கு இடையே மாதா கோயிலும் மாரியம்மன் கோயிலும் பௌத்த சங்கமும் அருகருகே எழுந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியது. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவு திரும்புகின்றனர். பலர் அங்கேயே தங்கிவிட்டனர்.

ஆக, இவ்வூரின் வழிபாட்டிடங்களுக்குரிய மக்களில் ஒரு பகுதியினர் எப்போதும் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள். தொலைவிலிருந்து வழிபடுவது இங்கே 2020இல் திடீரென வந்த செய்தியன்று. அது சுரங்கம் மூடியதன் விளைவு. இது முதற்காரணம்.

இரண்டாம் காரணம் இன்னும் பழையது. நேரில் காணாத ஒருவரிடம், தொலைவிலிருந்து வரும் ஓர் ஊடகத்தின் வழியாகச் சமயம் கற்ற அனுபவம் இவ்வூருக்கு நூறாண்டுக்கு முன்பே உண்டு. அந்த அனுபவத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு இன்றைய திரையைப் பார்த்தால், நாம் வழக்கமாகக் காணாத ஒன்று தெரியும்.

2. கட்டுரையின் மையக் கேள்வி

டிஜிட்டல் சமய ஆய்வில் இரண்டு பெயர்களைத் தவிர்க்க இயலாது. கிறிஸ்டோபர் ஹெல்லண்டு 2000ஆம் ஆண்டில் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். சமய நிறுவனம் தன் செய்தியை இணையத்தில் மேலிருந்து கீழாக அறிவிப்பது ஒருவகை. மக்கள் இணையத்திலேயே கூடி வழிபட்டு உரையாடுவது மற்றொரு வகை. ஹைடி கேம்பெல் 2007இல் எழுதிய கட்டுரையில், ‘சமய அதிகாரம்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேச வேண்டாம் என்றார். பதவி அடுக்கின் அதிகாரம், அமைப்பின் அதிகாரம், கொள்கையின் அதிகாரம், நூலின் அதிகாரம் என நான்கையும் பிரித்து, இணையம் இவற்றுள் எதை அசைக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

இவ்விரண்டும் பயனுள்ளவை. ஆயினும் களத்தில் நிற்கும் மாணவருக்கு இன்னும் எளிய கருவி ஒன்று தேவை. நான் பரிந்துரைப்பது இது: ஒவ்வொரு ஊடகத்திலும் கேள்வி எந்தத் திசையில் செல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்தர் கேட்க, அதிகாரம் உள்ளவர் விடை சொல்கிறாரா? அதிகாரம் உள்ளவர் கேட்க, பக்தர் விடை சொல்கிறாரா? பக்தர் கேட்டும் எவரும் விடை சொல்லவில்லையா? இம்மூன்று நிலைகளுக்கும் மாரிகுப்பத்து மக்களின் வாழ்விலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன. அவையே கட்டுரையின் மூன்று இயல்கள்.

3. முதல் இயல்: அஞ்சலில் வந்த அதிகாரம்

அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, சுமங்கல மகாநாயகத் தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கியது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் சங்கக் கிளைகள் தோன்றின. மாரிகுப்பத்தில் எம்.ஒய். முருகேசர் போன்றோர் அவற்றைத் தாங்கினர்.

ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலிருந்து இதழ் ரயிலில் வந்து சேரும். எழுத்தறிந்தவர் படிக்க, மற்றவர் கூடியிருந்து கேட்பர். ஐயம் எழுந்தால் இராயப்பேட்டைக்கு எழுதுவர். பௌத்தர் தீபாவளியை எவ்வாறு புரிந்துகொள்வது, திருமணத்தை எவ்வாறு நடத்துவது, பறையர் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது என்பன போன்ற பொருள்களில் பண்டிதர் இதழில் விரிவாக எழுதினார். வாசகரின் வினாக்களுக்கு அச்சிலேயே விடை தந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பண்டிதர் பிக்கு அல்லர். அவர் இல்லறத்தார், சித்த மருத்துவர். கேம்பெல்லின் பிரிவுகளில் சொன்னால், பதவி அடுக்கின் அதிகாரம் அவரிடம் இல்லை. நூலறிவும், கேட்டதற்குத் தவறாமல் விடை சொல்லும் பழக்கமும் அவர் அதிகாரத்தை உண்டாக்கின. இரண்டு, அந்த விடை தனிமடலில் அடங்கவில்லை. மாரிகுப்பத்தில் ஒருவர் கேட்டதற்குக் கிடைத்த விடையை இரங்கூனில் இருந்தவரும் படித்தார். ஒரு தொழிலாளியின் ஐயம் ஒரு சமூகத்தின் பாடமானது.

எல்லாம் அஞ்சலில் பயணிக்கவில்லை என்பதையும் கட்டுரை சொல்ல வேண்டும். பஞ்சசீலம் ஏற்கப் பண்டிதர் தம் உடலோடு கடல் கடந்தார். தங்கவயலில் பௌத்தர்கள் கூடுவதற்குச் சங்கக் கட்டடம் வேண்டியிருந்தது. விளக்கம் தாளில் வந்தது. கூட்டம் தரையில் கூடியது. இந்தப் பங்கீட்டை நினைவில் கொள்க. பின்வரும் இயல்களில் இதே பங்கீடு வேறு வடிவங்களில் திரும்பும்.

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் அது நின்றது. மீண்டும் 1926இல் வெளிவந்தபோது அது தங்கவயலிலிருந்து, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வந்தது. பண்டிதரின் நூல்களைத் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை தொடர்ந்து பதிப்பித்தது. கேட்டுக்கொண்டிருந்த ஊர் விடை சொல்லும் ஊரானது. அச்சு எழுத்துகளும், அவற்றைக் கோத்து அச்சிடும் கைகளும், சந்தா செலுத்தும் மக்களும் அங்கே இருந்ததால் இது நடந்தது. கருவி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் அதிகாரம் காலப்போக்கில் வந்து சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம்மிடம் குறைவு.

4. இரண்டாம் இயல்: கேட்டும் விடை வராத திரை

தங்கவயலின் கத்தோலிக்கருக்கு வேளாங்கண்ணி யாத்திரை பழகிய ஒன்று. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். 2020இல் யாத்திரிகர் எவரும் வர வேண்டாம் என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. திருவிழா திருப்பலிகள் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் நேரலையாகின.

இதற்கு முன்பே திருச்சபை தன் எல்லையை வகுத்திருந்தது. சமூகத் தொடர்புகளுக்கான வத்திக்கான் பேரவை 2002இல் ‘திருச்சபையும் இணையமும்’ என்ற ஆவணத்தை வெளியிட்டது. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. நற்கருணையைத் திரைவழி உட்கொள்ள இயலாது. ஒப்புரவு அருட்சாதனத்தைத் திரைவழி பெற இயலாது. ஆனால் 2020 மார்ச்சில், நோயாளிகளும் தனிமைப்படுத்தப்பட்டவர்களும் ஊடகங்களின் வழியே திருப்பலியிலோ செபமாலையிலோ மனமொன்றிப் பங்கேற்றால், உரிய நிபந்தனைகளின்படி அவர்களுக்கு நிறைபேறு பலன் உண்டு என்று உரோமை அறிவித்தது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒரு கணக்கு புலப்படும். பலன் பயணிக்கும், அப்பம் பயணிக்காது. சில சீர்திருத்தச் சபைகள் அதே மாதங்களில், வீட்டில் அப்பமும் திராட்சைச் சாறும் வைத்துத் திரையின் முன் திருவிருந்தில் பங்குபெற விசுவாசிகளை அனுமதித்தன. தொழில்நுட்பம் ஒன்றே, எல்லைக்கோடு வெவ்வேறு. ஆகவே எல்லையை வகுத்தது தொழில்நுட்பமன்று. எது பயணிக்கும், எது பயணிக்காது என்று அறிவிக்கும் உரிமையில்தான் இன்றைய சமய அதிகாரம் குடியிருக்கிறது.

இனி நேரலையின் கருத்துப் பகுதிக்கு வருவோம். வலப்பக்கத்திலோ கீழேயோ ஓடும் அந்த வரிகளை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றனர். அவற்றை ஒரு மணி நேரம் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். தாயின் அறுவை சிகிச்சைக்காக ஒருவர் வேண்டுகிறார். மகனுக்கு வேலை கேட்கிறார் ஒருவர். ஒருவர் வெறுமனே தன் குடும்பத்தாரின் பெயர்களை எழுதுகிறார். பீடத்தில் நிற்கும் குருவானவர் அவற்றைப் பார்ப்பதில்லை. பலி நடுவில் பார்க்கவும் இயலாது. ஆனால் அடுத்த வரியில் முன்பின் அறியாத ஒருவர் ‘ஆமென்’ என்று எழுதுகிறார். இன்னொருவர், ‘உங்கள் தாய்க்காக நாங்களும் செபிக்கிறோம்’ என்கிறார்.

அதிகாரம் மேலிருந்து விடை தராத இடத்தில் பக்கத்திலிருப்பவர் விடை தருகிறார். சிலர் இதைச் சமயத்தின் மக்களாட்சி என்று கொண்டாடுவர். நான் அவ்வளவு தூரம் செல்ல மாட்டேன். ‘ஆமென்’ ஆறுதல் தரும், ஐயம் தீர்க்காது. “என் மகள் வேறு சமயத்தவரை மணந்திருக்கிறாள், அவள் குழந்தைக்குத் திருமுழுக்குத் தரலாமா?” என்று அந்தக் கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டால் அவ்வரி மேலே நகர்ந்து மறைந்துவிடும். தமிழன் இதழில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ விடை அச்சேற இடமிருந்தது. ஒரு பைசா இதழ் செய்யக்கூடியதை நொடிக்கு நொடி ஓடும் திரை ஏன் செய்வதில்லை? திரை, கூட்டத்தைக் காட்டுவதற்காக அமைக்கப்பட்டது, உரையாடலுக்காக அமைக்கப்படவில்லை. இவ்வமைப்பைத் தேர்ந்தவர் யார் என்பது மாணவர் தேட வேண்டிய விடை.

5. மூன்றாம் இயல்: கேள்வி கேட்கும் படிவம்

தங்கவயலிலிருந்து திருப்பதி தொலைவில்லை. புரட்டாசியில் நடந்தே செல்வோர் உண்டு. 2020 மார்ச் 20 முதல் ஏறத்தாழ எண்பது நாள் திருமலையில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. பூசைகள் ஏகாந்தமாக நடந்தன. தேவஸ்தானத்தின் சொந்தத் தொலைக்காட்சியான ஸ்ரீவெங்கடேசுவரா பக்தி சானல் அவற்றை ஒளிபரப்பியது. 2020 ஆகஸ்டில் தேவஸ்தானம் ஒரு படி மேலே சென்று இணையவழிக் கல்யாண உற்சவத்தைத் தொடங்கியது. கட்டணம் 1000 ரூபாய். பக்தர் வீட்டிலேயே மரபான உடையில் திரையின் முன் அமர வேண்டும். அர்ச்சகர் சங்கல்பம் சொல்லும்போது தம் பெயரையும் கோத்திரத்தையும் தாமே உச்சரிக்க வேண்டும். பிரசாதம் அஞ்சலில் வந்து சேரும்.

இது வெறும் ஒளிபரப்பு அன்று. சங்கல்பம் என்பது, இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இன்ன கோத்திரத்து இன்னார் இதைச் செய்கிறேன் என்னும் உறுதிமொழி. இதில் இடம் எது? அர்ச்சகர் நிற்பது திருமலை. பக்தர் அமர்ந்திருப்பது மாரிகுப்பத்து லைன் வீடு. இரண்டு இடங்களை ஒரே உறுதிமொழிக்குள் கொண்டுவர நிறுவனம் இசைந்திருக்கிறது. சடங்கியல் நோக்கில் இது பெரிய மாற்றம். ஆனால் எவரும் இதைப் பெரிதாக விவாதிக்கவில்லை. திருச்சபை நீண்ட ஆவணம் எழுதி மறுத்ததற்கு இணையான ஒன்றை, தேவஸ்தானம் ஒரு கட்டண அறிவிப்பில் ஏற்றுக்கொண்டது. அதிகாரம் ஆவணமாகவும் பேசும், கட்டணச் சீட்டாகவும் பேசும்.

எது பயணிக்கிறது என்ற பட்டியலை இங்கும் எழுதலாம். உண்டியல் காணிக்கை பயணிக்கிறது. அதற்கு இணைய உண்டியல் உண்டு. பிரசாதம் பயணிக்கிறது. முடி காணிக்கை பயணிக்காது. மொட்டை போட மலைக்கே செல்ல வேண்டும். தரிசனமோ இடைநிலையில் நிற்கிறது. பிற்காலத்தில் இணையவழிச் சேவைச் சீட்டுடன் நேர்த் தரிசனத்துக்கான ஒதுக்கீடும் இணைக்கப்பட்டது. திரைவழிச் சேவை நேரில் காண்பதற்கான வழியாகவும் ஆனது என்றால், நேரில் காண்பதே மேல் என்னும் படிநிலையை நிறுவனமே தன் சீட்டு முறையில் எழுதிவைத்திருக்கிறது எனலாம்.

என் அக்கறை முதன்மையாக வேறொரு சிறு விவரத்தில் இருக்கிறது. முன்பதிவுப் படிவத்தில் பெயருக்கு அருகே ‘கோத்திரம்’ என்று ஒரு கட்டம். தங்கவயலின் லைன் வீடுகளில் வாழும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கோத்திரம் என்று ஒன்று மரபில் இல்லை. அந்தக் கட்டத்தில் அவர்கள் என்ன எழுதுவது? தெரியாதவர்கள் ‘சிவ கோத்திரம்’ என்றோ ‘விஷ்ணு கோத்திரம்’ என்றோ சொல்லும் வழக்கம் கோயில்களில் உண்டு. அதை எழுதி அடுத்த பக்கத்துக்குச் செல்வர். பக்தர் கேள்வி கேட்கவில்லை. நிறுவனம் கேட்கிறது, பக்தர் விடை சொல்கிறார். அந்த விடையில் தம்மிடம் இல்லாத ஓர் அடையாளத்தைக் கடன் வாங்குகிறார்.

தமிழன் இதழின் பக்கத்தில் அதே மக்களின் பாட்டன்மார் சாதிப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இன்று ஒரு கட்டம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறது. நூறாண்டில் கேள்வியின் திசை தலைகீழாயிற்று. என் கட்டுரை வரைவின் உயிர்நிலை இதுவே.

6. எதிர்வாதங்கள்

நல்ல கட்டுரை தன் எதிர்வாதங்களைத் தானே எழுதிப் பார்க்கும். இரண்டு எதிர்வாதங்களை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

முதலாவது, தமிழன் இதழை நான் மிகைப்படுத்துகிறேன் என்பது. எந்தக் கேள்வி அச்சேற வேண்டும் என்று ஆசிரியரே முடிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்களின் கேள்விகளே பெரும்பாலும் அங்கே சென்றிருக்கும். இது சரியான வாதம். அஞ்சல்வழி அதிகாரம் சமத்துவமானது என்று நான் சொல்லவில்லை. அது கேள்வியில் தொடங்கியது என்று மட்டுமே சொல்கிறேன். இந்த வேறுபாட்டை மாணவர் கவனமாகக் காக்க வேண்டும். இல்லையேல் கட்டுரை பழம்பெருமையாகிவிடும்.

இரண்டாவது இன்னும் வலிமையானது. படிவம் கோத்திரம் கேட்கிறது. ஆனால் முகம் பார்ப்பதில்லை. தலைமுறைகளாகக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள், அர்ச்சகரின் முன் நின்று “கோத்திரம் தெரியாது” என்று சொல்லி அவர் புருவம் உயர்வதைக் காண வேண்டியதில்லை. ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் போதும், எவரும் சரிபார்ப்பதில்லை. தங்கவயலிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ரயிலில், கைப்பேசியில் இவ்வாறு முன்பதிவு செய்த ஒரு பெண்மணி என்னிடம் சொன்னார்: “நேர்ல கேட்டா கூசும், இதுல கூசாது தம்பி.” இதை நான் எளிதில் தள்ள மாட்டேன். கூச்சமின்மை ஒரு விடுதலைதான்.

ஆயினும் அந்த விடுதலை தனியொருவருடையது. அவர் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார். கட்டம் அப்படியே இருக்கிறது. அடுத்தவரும் அதே சொல்லைக் கடன் வாங்கியே கடக்க வேண்டும். அச்சில் வந்த விடை எல்லோருக்கும் பொதுவாயிற்று. படிவத்தில் எழுதிய விடை தரவுத்தளத்துள் மறைந்தது. கூச்சத்தை நீக்குவதும் கூச்சத்தின் காரணத்தை நீக்குவதும் ஒன்றல்ல.

7. ஆய்வு முறை

களம் சிறிதாக இருக்கட்டும். மாரிகுப்பத்தில் ஒரு தேவாலயம், ஒரு கோயில், ஒரு பௌத்த சங்கம்; ஒவ்வொன்றிலும் ஒரு திருவிழாச் சுற்று போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரே அட்டவணையை நிரப்புங்கள்: எது பயணித்தது, எது பயணிக்கவில்லை, அதை அறிவித்தவர் யார், கேள்வி எந்தத் திசையில் சென்றது.

பார்வையாளர் எண்ணிக்கையை நம்பி வாதம் கட்டாதீர்கள். ஒரு கைப்பேசியின் முன் ஐந்து பேர் அமர்ந்திருக்கலாம். ஐந்து கைப்பேசிகள் ஆளின்றி ஓடிக்கொண்டிருக்கலாம். எண்ணைவிட வரிகள் பயன் தரும். நேரலைக் கருத்துகள் பின்னர் கிடைக்காமல் போகக்கூடும், ஓடும்போதே சேமித்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே எழுதப்படும் நோயாளிகளின் பெயர்கள் எல்லோர் கண்ணிலும் படுவன என்பதால் எல்லோருக்கும் சொந்தமாகிவிடா. பெயரை நீக்குங்கள், சொற்றொடரையும் அப்படியே எடுத்தாளாதீர்கள், தேடுபொறி எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று கட்டாயம் கேளுங்கள்: அலைவரிசையின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? தங்கவயலில் நான் பார்த்த ஒரு சிறு கோயிலில் அது அறங்காவலரிடமும் இல்லை, பூசாரியிடமும் இல்லை. பெங்களூரில் பணிபுரியும் இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவரிடம் இருந்தது. எந்த உபயதாரரின் பெயர் திரையில் வர வேண்டும், எந்த ஊர்வலப் பகுதியைக் காட்ட வேண்டும், எந்தக் கருத்தை நீக்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தார். தமக்கு அதிகாரம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. “கேமரா வேலைதானே” என்றார். அச்சு எழுத்துகளைக் கோத்தவர்களும் அன்று அவ்வாறே நினைத்திருக்கக்கூடும்.

8. முடிவுரையில் என்ன சொல்வது?

இங்கே மாணவர்கள் வழக்கமாக, மரபும் தொழில்நுட்பமும் கைகோக்க வேண்டும் என்று எழுதி முடிப்பார்கள். அவ்வாறு எழுத வேண்டாம்.

மாரிகுப்பத்துக்கு இதில் இழப்பதற்கு உண்மையான ஒன்று இருக்கிறது. ஊரின் பிள்ளைகள் பெங்களூரில் இருக்கின்றனர். திரை அவர்களைத் திருவிழாவோடு கட்டி வைக்கிறது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் திரை பார்ப்பவரைத் தருமே ஒழிய, சப்பரம் தூக்குபவரைத் தராது. தோள் கொடுப்போர் குறையும்போது ஊர்வலம் சுருங்கும். சுருங்கிய ஊர்வலத்தைக் காட்டும் நேரலையையும் ஒரு நாள் யாரும் பார்க்கமாட்டார்கள். பெரிய தலங்களுக்கு இச்சிக்கல் இல்லை. வேளாங்கண்ணிக்கும் திருமலைக்கும் திரை மேலும் மக்களைச் சேர்க்கிறது. அதே திரை சிறிய ஊரின் வழிபாட்டிடத்திலிருந்து மக்களைப் பெரிய தலத்தின் ஒளிபரப்புக்கு மெல்ல மாற்றிவிடவும் கூடும். மெய்ந்நிகர் யாத்திரையின் விலையை யாத்திரைத் தலம் செலுத்துவதில்லை. யாத்திரிகரின் சொந்த ஊர் செலுத்துகிறது.

ஆகவே ஒரு நடைமுறைப் பரிந்துரையோடு கட்டுரையை முடிக்கலாம். சிறிய ஊரின் சங்கமோ பங்கோ கோயிலோ, பெரிய தலங்களைப் போல ஒளிபரப்பிப் போட்டியிட முடியாது. அவற்றால் முடிந்தது, பெரிய தலங்கள் செய்யாத ஒன்று: கேட்டவருக்குப் பெயர் தெரிந்த ஒருவர் விடை சொல்வது. நேரலை முடிந்தபின் அரை மணி நேரம், வந்த கேள்விகளை எடுத்துவைத்து, ஊரறிந்த ஒருவர் எல்லோரும் கேட்க விடை சொல்லட்டும். அந்த விடைகளைத் தொகுத்து ஊரிலேயே வைத்துக்கொள்ளட்டும். கடவுச்சொல்லும் ஊரின் பொறுப்பில் இருக்கட்டும். 1907இல் இராயப்பேட்டைக்குக் கேள்வி எழுதிய ஊர், 1926இல் தானே இதழ் நடத்தியது. அதே ஊருக்கு இது புதிய பாடமாக இராது.

இந்த வரைவை எடுத்து எழுதுவோர் களத்தில் வேறு விதமாகக் கண்டால் எனக்குத் தெரிவியுங்கள். குறிப்பாக, கோத்திரக் கட்டத்தில் மக்கள் உண்மையில் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டறிந்தவர்கள் இருந்தால், அவர்களுடைய குறிப்புகளுக்காகக் காத்திருக்கிறேன்.